முடி ஒட்டாமல், விக் மாதிரி மின்னாமல் கூந்தல் விளம்பரம் எடுப்பது எப்படி?

கேள்வி: காங்கேயம் பக்கத்தில் சின்ன அளவில் மூலிகைத் தேங்காய் எண்ணெயும் சீயக்காய் ஷாம்பூவும் தயாரிக்கிறோம். முதல்முறையாக விளம்பரம் எடுத்தோம். 20 விநாடி வீடியோவும் போஸ்டருக்கு ஒரு படமும். அதில் நடித்த பெண்ணுக்கு நேரில் இடுப்பு வரை, லேசாக அலையடிக்கிற அருமையான முடி. படத்தில் பார்த்தால் முடியெல்லாம் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே கட்டியாகத் தெரிகிறது. எடிட்டர் பளபளப்பு ஏற்றிக் கொடுத்தார், பிளாஸ்டிக் விக் மாதிரி ஆகிவிட்டது. பெரிய கம்பெனி விளம்பரங்களில் மட்டும் இழை இழையாக எப்படி வருகிறது? திரும்ப எடுக்க வேண்டுமா, இருப்பதையே சரிசெய்யலாமா?

பதில்:

நீங்கள் சொல்கிற இரண்டு குறைக்கும் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான். ஒரு கற்றைக்கும் அடுத்த கற்றைக்கும் நடுவில் இருக்க வேண்டிய இருட்டு படத்தில் பதிவாகவில்லை. அந்த இருட்டு இல்லாவிட்டால் கண்ணுக்கு முடி பிரிந்து தெரியாது. பிரிந்து தெரியாத முடியின் மேல் வெளிச்சம் ஏற்றினால், ஒரு வழவழப்பான பரப்பின் மேல் ஏற்றியது போலத்தான் ஆகும். எடிட்டரைக் குறை சொல்ல அதிகம் இல்லை. பளபளப்பு எடிட்டிங் மேசையில் பிறக்கிற விஷயமே கிடையாது, செட்டில் விளக்கு வைக்கிற இடத்தில் தீர்மானமாகிறது.

முதலில் பளபளப்பு என்றால் என்ன என்று பார்த்துவிடலாம். அது புரிந்தால் விளக்கை எங்கே வைப்பது என்பது தானாக வந்துவிடும். ஒவ்வொரு முடியும் கிட்டத்தட்ட ஒரு மெல்லிய உருளை. அதன் மேல் ஓடு போல அடுக்கடுக்காகச் செதில்கள். படத்தில் நாம் பளபளப்பு என்று பார்ப்பது, அந்த உருளையில் பிரதிபலிக்கிற விளக்கின் உருவம்தான். 2003-ல் கணினி வரைகலை ஆய்வாளர் ஸ்டீவ் மார்ஷ்னரும் அவருடைய சக ஆய்வாளர்களும் ஒரு முடியின் மேல் வெளிச்சம் எப்படித் தெறிக்கிறது என்று அளந்து காட்டினார்கள். இன்று கணினியில் முடி வரைகிற மென்பொருள்கள் பலவும் அந்த வழியைத்தான் பின்பற்றுகின்றன. அவர்கள் சொன்னதின் சாரம் இது: மேற்பரப்பிலேயே பட்டுத் திரும்புகிற வெளிச்சம் விளக்கின் நிறத்திலேயே இருக்கும். முடிக்குள் புகுந்து, பின்சுவரில் பட்டு வெளியே வருகிற வெளிச்சம் முடியின் நிறத்தைக் கொஞ்சம் வாங்கிக்கொண்டு வரும். செதில்கள் சில பாகை சாய்ந்திருப்பதால் இந்த இரண்டும் ஒரே இடத்தில் விழாது. முதலாவது நுனிப் பக்கமாகவும் இரண்டாவது வேர்ப் பக்கமாகவும் தள்ளித் தெரியும்.

நம் ஊர்க் கருமுடியில் இரண்டாவது மிக மிகக் குறைவு, ஏனென்றால் உள்ளே போகிற வெளிச்சத்தைக் கருமை விழுங்கிவிடுகிறது. அதனால் கருமுடியின் பளபளப்பு விளக்கின் நிறத்தில்தான் இருக்க வேண்டும். வெள்ளை விளக்கில் எடுத்த கருங்கூந்தல் படத்தில் மினுக்கம் தேன் நிறத்திலோ பொன் நிறத்திலோ சீராக ஓடினால், பின்னால் யாரோ ஏற்றியது என்று சொல்லிவிடலாம். வெளிநாட்டு விளம்பரத்தில் பழுப்பு முடிக்கு அழகாக இருந்த பொன் மினுக்கத்தைப் பார்த்துக் கருமுடிக்கு அப்படியே வைப்பது நிறைய இடங்களில் நடக்கிறது. உங்கள் எடிட்டர் அதைச் செய்திருக்கிறாரா என்று பாருங்கள்.

பிரதிபலிப்பு என்பதால் இன்னொரு குணமும் உண்டு. பட்டுப்புடவையை மடித்து அசைத்தால் துணி நகரும், மினுக்கம் மட்டும் விளக்குக்கு நேரான இடத்திலேயே நிற்கும். கூந்தலும் அப்படித்தான். பெண் தலையைத் திருப்பும்போது முடி நகர்ந்து போக வேண்டும், வெளிச்சப் பட்டை ஏறக்குறைய நின்ற இடத்தில் நிற்க வேண்டும், புதுப்புது இழைகள் அதற்குள் நுழைந்து வெளியேற வேண்டும். எடிட்டிங்கில் ஒட்டிய பளபளப்பு முடியோடு சேர்ந்து பயணம் செய்யும். பார்க்கிறவருக்குக் காரணம் சொல்லத் தெரியாது, ஆனால் ஏதோ பொய் என்று உடனே தோன்றிவிடும். வீடியோவில் விக் போலத் தெரிவதற்கு முக்கியமான காரணம் இதுதான். உங்கள் வீடியோவில் தலை திரும்புகிற ஷாட்டை மெதுவாக ஓடவிட்டுப் பாருங்கள், உடனே தெரிந்துவிடும்.

அடுத்தது இழை இழையாகத் தெரிவது. இதில் ஒரு சின்னக் கணக்கு இருக்கிறது. ஒரு தலைமுடியின் தடிமன் 0.05 முதல் 0.1 மில்லிமீட்டர் வரை. சராசரியாக 0.08 என்று வைத்துக்கொள்வோம். உங்கள் ஷாட்டில் தலையும் பறக்கிற கூந்தலும் சேர்ந்து 60 சென்டிமீட்டர் அகலம் தெரிகிறது என்றால், ஃபுல் எச்டியில் அந்த 60 சென்டிமீட்டர் 1920 புள்ளிகளாகப் பிரிகிறது. ஒரு புள்ளிக்கு 0.3 மில்லிமீட்டர். அதாவது ஒரு புள்ளிக்குள் மூன்று நான்கு முடிகள் அடங்கிவிடும். அகலத்தில் அதைப்போல இரண்டு மடங்கு புள்ளிகள் உள்ள 4கே-யில் எடுத்தாலும் ஒரு முடிக்கு அரைப் புள்ளிதான். ஆகவே முகமும் கூந்தலும் சேர்ந்து தெரிகிற எந்த ஷாட்டிலும், எவ்வளவு பெரிய கம்பெனியாக இருந்தாலும், தனித்தனி முடி பெரும்பாலும் தெரிவதில்லை. ஓரத்தில் வெளிச்சம் பட்டுத் தனியே பறக்கிற ஒன்றிரண்டு முடிகள் தெரியும், அவ்வளவுதான். நீங்கள் இழை என்று பார்ப்பது, பல முடிகள் சேர்ந்த மெல்லிய கற்றை. பெரிய செட்டில் ஹேர் ஸ்டைலிஸ்ட் மணிக்கணக்காக உட்கார்ந்து செய்வது அந்தக் கற்றைகளைப் பிரித்து வைப்பதைத்தான். உண்மையிலேயே ஒவ்வொரு முடியும் தெரிய வேண்டுமானால், 4கே-யில் 30 சென்டிமீட்டருக்கும் குறைவான அகலத்துக்கு நெருங்கிப் போய் ஒரு தனி ஷாட் எடுக்க வேண்டும். விளம்பரங்களில் திடீரென்று கூந்தலின் ஒரு பகுதி மட்டும் திரை முழுக்க வருவதற்குக் காரணம் அதுதான்.

இனி செட்டில் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். உங்கள் விளம்பரத்தையே எடுத்துக்கொள்வோம். இடுப்பு வரை நீண்ட, லேசாக அலையடிக்கிற கருமுடி. முக்கால் பின்பக்கமாக நிற்கிற பெண் கேமராவை நோக்கித் திரும்புகிறாள், கூந்தல் வீசி அடங்குகிறது. இந்த ஒரு ஷாட்டைச் சரியாக எடுத்துவிட்டால் போஸ்டரும் அதே அமைப்பில் வந்துவிடும்.

முடியைத் தயார் செய்வதில் தொடங்கலாம். எண்ணெய் விளம்பரம் என்பதால் எண்ணெயைத் தாராளமாகத் தடவிவிடுவது வழக்கமாக நடக்கிற தப்பு. ஓரிரு சொட்டு எண்ணெய் செதில்களின் மேடுபள்ளத்தை நிரப்பிப் பிரதிபலிப்பைக் கூட்டும். கொஞ்சம் அதிகமானால் எண்ணெய் இரண்டு முடிக்கு நடுவில் புகுந்து அவற்றை இழுத்து ஒட்டிவிடும். நடுவில் இருந்த இருட்டு அங்கேயே காணாமல் போய்விடும். முந்தின நாள் தலைக்குக் குளித்து, நன்றாகக் காய்ந்த முடிதான் வேண்டும். அன்று காலையில் குளித்தால் உள்ளே ஈரம் தங்கி, விளக்குச் சூட்டில் காயக் காயத் தோற்றம் மாறிக்கொண்டே இருக்கும், ஷாட்டுக்கு ஷாட் பொருந்தாது. பிறகு உங்கள் எண்ணெயில் இரண்டு மூன்று சொட்டை உள்ளங்கையில் விட்டு, இரண்டு கையிலும் பரவத் தேய்த்து, முடியின் பாதி நீளத்துக்குக் கீழே மட்டும் கையால் கோதிவிடச் சொல்லுங்கள். வேர்ப் பக்கம் வேண்டாம், உச்சியில் முடி படிந்து மண்டையோடு ஒட்டிவிடும். நீண்ட, அடர்ந்த முடிக்கு இன்னும் இரண்டு சொட்டு பிடிக்கலாம். அதற்கு மேல் வேண்டாம்.

தேங்காய் எண்ணெய் விற்பவர் நீங்கள், உறைவது பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் செட்டில் அது மறந்துபோகும். ஏசியை 20-க்கு வைத்துவிடுவார்கள். 24 டிகிரிக்குக் கீழே போனால் எண்ணெய் பாட்டிலுக்குள் மங்கி வெள்ளையாகும், முடியில் தடவியதும் அங்கங்கே மாவு மாதிரி நிற்கும். கேமராவில் அது பொடுகு போலத் தெரியும், எண்ணெய் விளம்பரத்துக்கு இதைவிடக் கெடுதல் ஏது? ஏசியை 26-ல் வையுங்கள், பாட்டிலை வெதுவெதுப்பான தண்ணீர்ப் பாத்திரத்தில் நிறுத்தி வையுங்கள். எண்ணெய் தாரையாக விழுகிற ஷாட் வேண்டுமென்றால் அதைக் கடைசியில் எடுங்கள். அதற்குப் பின் அந்த முடியை வைத்து வேறு எதுவும் எடுக்க முடியாது.

எண்ணெய் போட்டபின் அகலப் பல் சீப்பால் ஒருமுறை சீவி, அதன்பின் சீப்பைத் தொடாமல் விரலாலேயே கற்றை கற்றையாகப் பிரிக்க வேண்டும். விரல் தடிமனில் ஆரம்பித்துப் பென்சில் தடிமன் வரை, எல்லாம் ஒரே அளவில் இல்லாமல். நெருக்கமான பல் சீப்பால் சீவினால் முடி முழுதும் ஒரே சீராகப் படிந்துவிடும். நேரில் அழகாக இருக்கும், படத்தில் ஒரே தகடாகத் தெரியும். உங்கள் பெண்ணின் முடி நேரில் அருமையாக இருந்து படத்தில் கட்டியாகப் போனதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். நேரில் பார்க்கும்போது நமக்கு இரண்டு கண், தலையைக் கொஞ்சம் அசைத்தும் பார்க்கிறோம், ஆழம் தானாகவே தெரிகிறது. கேமராவுக்கு ஒரே கண், அதற்கு நிழலைக் கொடுத்தால்தான் ஆழம் தெரியும்.

அந்த நிழலைக் கொடுப்பது விளக்கு. சின்ன பட்ஜெட் ஷூட்டில் கேமராவை ஒட்டி ரிங் லைட்டோ, முன்னால் ஸ்கிம்மர் என்கிற பெரிய வெள்ளைத் துணி கட்டிய விளக்கோ வைத்துவிடுவார்கள். முகத்துக்கு அது நல்லது, சுருக்கம் தெரியாது. முடிக்கு அதுதான் கெடுதல். கேமரா பார்க்கிற திசையிலிருந்தே வெளிச்சம் போனால், கற்றைகளுக்கு நடுவே விழுகிற நிழல் கேமராவுக்குத் தெரியாத பக்கமாகப் போய் ஒளிந்துகொள்ளும். பக்கவாட்டிலிருந்தோ சற்றுப் பின்னாலிருந்தோ வெளிச்சம் வந்தால் ஒவ்வொரு கற்றையும் தன் நிழலை அடுத்த கற்றையின் மேல் போடும். இழை பிரிந்து தெரிவது அப்போதுதான்.

விளக்கின் வடிவமும் கவனிக்க வேண்டியது. முடி உருளை என்பதால் அதன் சுற்றுவட்டத்தில் எந்தப் பக்கமிருந்து வெளிச்சம் வந்தாலும் நம் பக்கம் கொஞ்சம் தெறிக்கும். ஆனால் முடியின் நீளவாக்கில் அது கண்ணாடி மாதிரி நடந்துகொள்ளும், வந்த கோணத்துக்குச் சமமான கோணத்தில்தான் போகும். இதனால் இரண்டு காரியம் நடக்கிறது. நேராகத் தொங்குகிற முடியின் மேல், உச்சிக்கு மேலே கட்டிய விளக்கு கண் மட்டத்துக் கேமராவுக்குப் பளபளப்பே தராது. உச்சந்தலை வளைகிற இடத்தில் மட்டும் ஒரு வளையம் தரும். முதுகில் தொங்குகிற நீளத்துக்கு மினுக்கம் வேண்டுமென்றால் விளக்கைக் கூந்தலின் உயரத்துக்கே இறக்க வேண்டும். இரண்டாவது, விளக்கு முடியின் திசையில் எவ்வளவு நீளமோ அவ்வளவு நீளத்துக்குப் பளபளப்பு பரவும். மிகவும் நீளமான விளக்கு வைத்தால் உச்சி முதல் நுனி வரை முடி முழுதும் வெளுத்து, கறுப்பே இல்லாமல் சாம்பல் பூத்துப் போகும்.

ஆகவே நான் வைக்கச் சொல்வது இது. ஒரு அடி அகலம், நான்கு அடி நீளமுள்ள ஸ்ட்ரிப் சாஃப்ட்பாக்ஸ், அதாவது முகப்பில் வெள்ளைத் துணி மூடிய ஒடுங்கின பெட்டி விளக்கு ஒன்று, தலைக்கு மேலே கொஞ்சம் முன்தள்ளி, படுக்கைவாக்கில். அதன் ஒரு அடி அகலம்தான் முடியின் திசையில் வருகிறது, அதனால் உச்சியில் ஒடுங்கின, ஓரம் தெளிவான ஒரு பட்டை கிடைக்கும். இரண்டாவது விளக்கு பெண்ணின் தோள் முதல் இடுப்பு வரையிலான உயரத்தில், பக்கவாட்டிலிருந்து சற்றுப் பின்னால். இதுவும் இரண்டு அடிக்கு மேல் உயரம் இல்லாமல். இதுதான் தொங்குகிற நீளத்தை மினுக்க வைக்கும், ஓரத்தையும் பின்னணியிலிருந்து பிரிக்கும். இரண்டாவதின் எதிர்ப்பக்கம் வெள்ளைத் தெர்மகோல் வைக்காதீர்கள், கறுப்புத் துணி தொங்கவிடுங்கள். தெர்மகோல் வைத்தால் அந்த வெள்ளையும் முடியில் பிரதிபலித்து நிழலைக் கெடுக்கும். முகத்துக்கு வெளிச்சம் போதவில்லை என்றால் முகத்துக்கு மட்டும் சின்ன விளக்கு போட்டு, அது முடியில் விழாமல் கட்டர் என்கிற கறுப்புத் தடுப்பை வைத்து மறையுங்கள். பின்னணி சுத்தக் கறுப்பாக இருக்கக் கூடாது, முடியின் ஓரம் அதற்குள் கரைந்துவிடும். வெளிறிய பச்சை, மணல் நிறம், சாம்பல் போல நடுத்தர நிறம் ஒன்றைக் கட்டுங்கள்.

கேமராவில் கவனிக்க வேண்டியது முதலில் வெளிச்ச அளவு. பளபளப்புப் பட்டையின் மிகப் பிரகாசமான இடம் 100 சதவீதத்தைத் தொடக் கூடாது, 80 பக்கம் நிற்க வேண்டும். கேமராவில் வெளிச்சம் மிஞ்சுகிற இடத்தில் ஜீப்ரா கோடு காட்டும் வசதி இருந்தால் அதை 85-க்கு வைத்து, முடியில் கோடு வராத அளவுக்குக் குறைத்துக்கொள்ளுங்கள். 100-ஐத் தாண்டினால் பட்டைக்குள் இருக்கும் முடியும் நிழலும் சேர்ந்து ஒரே வெள்ளையாகப் பதிவாகும். பளபளக்கிற இடத்திலேயே இழை காணாமல் போவது இப்படித்தான், பிளாஸ்டிக் தோற்றமும் அங்கேதான் தொடங்குகிறது. லென்ஸில் போலரைசர் மாட்டியிருந்தால் கழற்றிவிடச் சொல்லுங்கள். தோல் மினுக்கத்தைக் குறைக்க மாட்டுவார்கள், அது முடியின் பளபளப்பையும் சேர்த்துத் தின்றுவிடும். அப்புறம் அதை ஈடுகட்ட எடிட்டிங்கில் ஏற்ற வேண்டிவரும்.

அடுத்தது வேகம். தலையை வெடுக்கென்று திருப்பும்போது நுனிமுடி விநாடிக்கு 2 மீட்டர் வேகத்தில் சுலபமாகப் போகும். வழக்கம்போல விநாடிக்கு 25 ஃபிரேமில் எடுத்தால் ஒவ்வொரு ஃபிரேமுக்கும் ஷட்டர் 1/50 விநாடி திறந்திருக்கும். அதற்குள் நுனி 4 சென்டிமீட்டர் நகர்ந்துவிடும், எல்லாம் ஒரே தீற்றலாகப் பதிவாகும். 100 ஃபிரேமில் எடுத்தால் ஷட்டர் 1/200, நகர்வு ஒரு சென்டிமீட்டர். 200 ஃபிரேம் இன்னும் நல்லது. திரையில் அது நான்கு மடங்கு, எட்டு மடங்கு மெதுவாக ஓடும், கூந்தல் மிதக்கிற அந்த உணர்வும் அதிலேயே வந்துவிடும். ஆனால் 100 ஃபிரேமுக்கு நான்கு மடங்கு வெளிச்சம் வேண்டும், மலிவான எல்இடி விளக்குகள் மின்னிமின்னித் தெரியும். விளக்கு எடுக்கும்போதே ஃபிளிக்கர் இல்லாததா என்று கேட்டு, ஒரு நிமிடம் எடுத்துப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். 25 ஃபிரேமில் எடுத்துவிட்டு எடிட்டிங்கில் மெதுவாக்குவது மட்டும் வேண்டாம். இல்லாத ஃபிரேம்களை மென்பொருள் ஊகித்துப் போடும்போது பக்கத்துப் பக்கத்துக் கற்றைகள் ஒன்றுக்குள் ஒன்று உருகுவது போல ஆகும். நீங்கள் ஒட்டிக்கொண்டது என்று சொல்வது வீசுகிற ஷாட்டில் மட்டும் என்றால், முதல் சந்தேகம் இதன்மேல்தான்.

ஃபோனில் எடுத்திருந்தால் போர்ட்ரெய்ட் மோடையும் அழகுபடுத்துகிற ஃபில்டரையும் அணைத்துவிட்டு எடுக்க வேண்டும். முன்னது கூந்தலின் ஓரத்தைக் கத்தரித்துப் பின்னணியோடு மங்கவைக்கும். பின்னது தோலை வழவழப்பாக்குகிற வேகத்தில் நெற்றியோர முடியையும் மெழுகிவிடும்.

காற்று பற்றி ஒரு வார்த்தை. ஃபேனை நேருக்கு நேர் வைத்தால் முடி எல்லாம் ஒரே பக்கம் பறந்து படிந்துவிடும். இடுப்பு உயரத்துக்குக் கீழே, பக்கவாட்டில் வைத்து, ஒரு அட்டையைக் கொண்டு விட்டுவிட்டு மறைக்கச் சொல்லுங்கள். விட்டு விட்டு வருகிற காற்றில்தான் கற்றைகள் எழுந்து, பிரிந்து, இறங்கும். ஒவ்வொரு வளைவிலும் சின்னச் சின்னதாக மினுக்கம் ஓடும். அலையடிக்கிற முடிக்கு இதுதான் பெரிய பலம், தேய்த்து நேராக்கிவிடாதீர்கள்.

கிரீன் மேட்டில் எடுத்துப் பின்னணியை மாற்றியிருக்கிறார்களா? அப்படியென்றால் ஓரத்தில் ஒட்டியதற்கு அதுவே போதும். பளபளப்பு பிரதிபலிப்பு என்று சொன்னேன் அல்லவா, பச்சைத் துணியும் முடியில் பிரதிபலிக்கும். மென்பொருள் பச்சையை நீக்கும்போது மினுக்கத்தையும் சேர்த்து அரித்துவிடும். போதாததற்கு, சாதாரண கேமராக்கள் நிறத்தை நான்கு புள்ளிக்கு ஒருமுறைதான் பதிவு செய்கின்றன. ஒரு புள்ளியைவிட மெல்லிய முடிக்கு அந்த நிறத்தை நம்பி ஓரம் வெட்ட முடியாது. கூந்தல் விளம்பரத்துக்கு வேண்டிய நிறத்தில் துணியைக் கட்டி நேராகவே எடுத்துவிடுவது மேல்.

சரி, இப்போது கையில் இருப்பதைக் காப்பாற்ற முடியுமா என்ற கேள்விக்கு வருவோம். எடிட்டரிடம் அவர் தொடாத மூலக் கோப்பைக் கேட்டு வாங்குங்கள். பளபளப்புப் பகுதியின் வெளிச்சத்தை மட்டும் குறைத்துப் பாருங்கள். குறைக்கக் குறைக்க உள்ளேயிருந்து கோடுகள் வெளியே வந்தால் இழை பதிவாகியிருக்கிறது, பிழைத்துக்கொள்ளும். வெள்ளை அப்படியே சாம்பல் தகடாக மாறினால் அங்கே ஒன்றுமே இல்லை. அதேபோல நிழல் பகுதியைத் தூக்கிப் பாருங்கள். கற்றைகள் பிரிந்து தெரிந்தால் சரி, மணல் தூவியது போல வெறும் புள்ளிகள் மட்டும் வந்தால் முடிந்தது.

போஸ்டர் படத்துக்கு நம்பிக்கை அதிகம். கேமரா சுருக்காமல் பதிகிற ரா கோப்பாக எடுத்திருந்தால் இன்னும் நல்லது. அதில் செய்ய வேண்டிய வேலை மெதுவானது. ஏற்றிய பளபளப்பு முழுவதையும் முதலில் நீக்க வேண்டும். பின்பு புதிதாக ஒன்றும் வரையாமல், ஏற்கெனவே உள்ள வெளிச்சக் கோடுகளை டாட்ஜ் செய்து லேசாக எடுப்பாக்க வேண்டும், ஏற்கெனவே உள்ள இடைவெளிகளை பர்ன் செய்து ஆழமாக்க வேண்டும். இரண்டில் பர்ன் செய்வதுதான் முக்கியம். பெரும்பாலான ரீடச் வேலைகளில் வெளிச்சத்தை மட்டும் கூட்டிக்கொண்டே போவார்கள், இருட்டைத் தொடவே மாட்டார்கள். இடைவெளியை ஆழமாக்கினாலே பளபளப்பு தானாகக் கூடித் தெரியும், ஏனென்றால் கண் இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் பார்க்கிறது. பிரஷ்ஷை எப்போதும் முடி போகிற திசையில், வேரிலிருந்து நுனிக்கு இழுக்க வேண்டும். குறுக்கே இழுத்தால் அந்த இடம் உடனே தகடாகும்.

இரண்டு கற்றை ஒன்றாக உருகி நிற்கிற இடங்களை குளோன் ஸ்டாம்ப் வைத்து மூடாதீர்கள். ஒரே வளைவு இரண்டு இடத்தில் வரும், கண் கண்டுபிடித்துவிடும். அப்படிப்பட்ட இடத்தில் ஒரு புதிய லேயரில், ஒன்று முதல் மூன்று புள்ளி தடிமனுள்ள பிரஷ்ஷால், நுனி மெலிகிற மாதிரி சில இழைகளைக் கையால் வரைய வேண்டும். நிறத்தைப் பக்கத்து முடியிலிருந்தே எடுங்கள், வெளிச்சத்தில் ஒரு நிறம், நிழலில் ஒரு நிறம். வரைந்து முடித்ததும் ஒரு கற்றையைப் பிடித்து, வேர் எங்கே, நுனி எங்கே என்று விரலால் திரையில் தொடர்ந்து போய்ப் பாருங்கள். நடுவில் எங்கேயாவது அது இன்னொரு கற்றைக்குள் மறைந்து, மறுபக்கம் வெளியே வராமல் போனால் அங்கே தப்பு இருக்கிறது. தோள், காது, கம்மல், புடவைக் கரை இவற்றோடு முடி சேருகிற இடங்களைத் தவறாமல் பாருங்கள். கம்மலுக்குள் புகுந்து காணாமல் போகும் முடியைத்தான் வாடிக்கையாளர் முதலில் கவனிப்பார். எல்லாத் தனிமுடியையும் துடைத்தெடுத்துவிடவும் வேண்டாம். ஓரத்தில் அங்கங்கே ஒன்றிரண்டு பறந்துகொண்டிருந்தால்தான் அது முடி, சுத்தமாக வெட்டிய ஓரம் விக்.

வீடியோவில் இந்த வேலையை ஃபிரேம் ஃபிரேமாகச் செய்வது சின்ன பட்ஜெட்டுக்குக் கட்டுப்படியாகாது. நிறத்தையும் வெளிச்சத்தையும் சரிசெய்வதோடு நிறுத்திக்கொள்வதே நல்லது. ஏற்றிய மினுக்கத்தை எடுத்துவிட்ட பிறகும் கட்டியாகத்தான் தெரிகிறது என்றால், வீடியோ முழுவதையும் திரும்ப எடுக்க வேண்டாம். திரும்புகிற ஷாட்டையும், ஒரு நெருக்கமான கூந்தல் ஷாட்டையும் மட்டும் அதே பெண்ணை வைத்து, அதே உடையில், மேலே சொன்ன விளக்கமைப்பில் எடுத்து நடுவில் சேருங்கள். அரை நாள் ஸ்டுடியோ வாடகையில் முடிகிற வேலை. 20 விநாடியில் பார்க்கிறவர் மனதில் நிற்கப்போவது அந்த இரண்டு ஷாட்தான்.

வெளியிடும்போதும் ஒன்று இருக்கிறது. அசைகிற மெல்லிய கோடுகள் நிறைந்த படம்தான் வீடியோ சுருக்கத்துக்கு மிகக் கடினமானது. நீங்கள் நன்றாக எடுத்ததை வாட்ஸாப்பில் வீடியோவாக அனுப்பினால், அது சுருக்கி முடியை மெழுகிவிடும். எடிட்டர் உங்களுக்கு வாட்ஸாப்பில் அனுப்பிய பிரதியைப் பார்த்துத்தான் ஒட்டியிருக்கிறது என்று சொல்கிறீர்களா என்பதையும் ஒருமுறை உறுதி செய்துகொள்ளுங்கள். டாக்குமெண்டாகவோ டிரைவிலோ வாங்கிப் பார்ப்பதுதான் சரி. ஃபோனுக்கென்றே ஒரு பிரதி தயாரிக்கும்போது நெருங்கின ஷாட்டை அதிகமாகவும் அகலமான ஷாட்டைக் குறைவாகவும் வைத்து, பின்னணியை வெறுமையாக விடச் சொல்லுங்கள். சுருக்கத்தில் பின்னணிக்குச் செலவாகிற தரவு முடிக்கு மிச்சமாகும்.

கடைசியாக, நீளத்துக்காகச் சவுரியோ எக்ஸ்டென்ஷனோ வைக்கலாமா என்று யாராவது யோசனை சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். பெரும்பாலும் வேறொருவர் தலையிலிருந்து வந்து, ரசாயனத்தில் பதப்பட்ட முடி அது. வெளிச்சத்துக்கு அது வேறு மாதிரி மின்னும், சேர்த்த இடத்தில் பட்டை உடைந்து தெரியும். அதோடு, உங்கள் எண்ணெயால் வந்த பளபளப்பு என்று காட்டுகிற படத்தில் அந்த எண்ணெய் பட்ட முடியே இருக்க வேண்டும். தவறான விளம்பரங்களைப் பற்றி மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022-ல் வெளியிட்ட வழிகாட்டுதல்கள் சின்னக் கம்பெனிக்கும் பொருந்தும். உங்கள் பெண்ணுக்குத்தான் சொந்தமாகவே இடுப்பு வரை முடி இருக்கிறதே. ஷூட்டுக்கு ஒரு மாதம் முன்பிருந்தே உங்கள் எண்ணெயையும் சீயக்காயையும் அவர் பயன்படுத்தட்டும், நாள் குறித்து ஒவ்வொரு வாரமும் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். யாராவது கேட்டால் காட்டுவதற்கும் ஆகும், எந்தக் கோணத்தில் அவருடைய முடி நன்றாக வெளிச்சம் வாங்குகிறது என்பதும் ஷூட்டுக்கு முன்பே கேமராமேனுக்குத் தெரிந்திருக்கும்.